பகலுக்கு ஒரு காமா, இரவுக்கு ஒரு காமா

திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1956-இல் அதன் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளிவந்தது. அதற்கு முந்தைய 'உத்தமபுத்திரன்', 'மந்திரி குமாரி', 'திகம்பர சாமியார்' எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறத்தின் துணை இல்லாத அந்தப் படங்களில் முகம், துணி, சுவர், ராத்திரி அனைத்தையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் படிகள்தான் காட்டியாக வேண்டும். இன்று அவற்றை வீட்டு டிவியில் பார்க்கும்போது அந்தப் படிகள் சரியாக விழுகின்றனவா என்பதை, மெனுவின் உள்ளே யாரும் தொடாமல் கிடக்கும் ஓர் எண் தீர்மானிக்கிறது. அதுதான் காமா.

டிவி வருவதற்கு வெகு முன்பே இந்த எண் பிலிம் கழுவும் அறையில் புழக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் 1890-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. பிலிமில் விழும் வெளிச்சம் கூடக்கூட அதன் கருமை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதே காமா. பிலிமை ரசாயனத்தில் அதிக நேரம் வைத்தால் காமா ஏறும். வழக்கமாக நெகட்டிவை 0.65 அளவுக்கும், தியேட்டருக்குப் போகும் பிரிண்டை 2.4 ஒட்டியும் கழுவினார்கள். இரண்டையும் பெருக்கினால் ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். அதாவது செட்டில் இருந்த வெளிச்ச வேறுபாட்டைவிடத் திரையில் விழுந்த வேறுபாடு அதிகம், வேண்டுமென்றே அதிகம்.

காரணம் தியேட்டரின் இருட்டு. சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது படத்தின் கருமையான பகுதிகள் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரிவது கண்ணின் இயல்பு. உள்ளது உள்ளபடி காமா 1 என்று திரையிட்டால் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் படம் சவசவ என்றிருக்கும். பிலிம்காரர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். கோடக் நிறுவனத்தின் பார்ட்டில்சன், பிரெனமன் இருவரும் 1967-இல் அதை அளந்தே காட்டினார்கள். விளக்கைப் போட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். சுற்றுப்புறம் பிரகாசமானால் அதே கருமை இன்னும் கருமையாகத் தெரியும். அந்த அளவுக்குக் காமா குறைவாக இருந்தால் போதும்.

டிவிக்குக் காமா வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. பழைய பிக்சர் டியூபில் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். அதை ஈடுகட்டும் விதத்தில் சிக்னலைக் கேமரா பக்கத்திலேயே வளைத்து அனுப்பினார்கள். இன்றைய எல்சிடி, ஓஎல்இடி பேனல்களுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனால் எல்லா நிகழ்ச்சிகளும் அப்படி வளைத்தே வருவதால் பேனல்களும் பழைய டியூபைப் போலவே நடந்துகொள்கின்றன. 2011-இல் வந்த BT.1886 என்ற சர்வதேசப் பரிந்துரை, நிகழ்ச்சி தயாரிக்கும் ஸ்டுடியோக்களின் மானிட்டருக்கு 2.4 என்று வரையறுத்தது. கேமராவின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் 1.2 அளவில் நிற்கும். தியேட்டரின் ஒன்றரையைவிட இது குறைவு. படத்தைச் சரிபார்க்கும் அந்த அறை தியேட்டர் அளவுக்கு இருட்டானதல்ல, மங்கலானது என்பதே காரணம்.

பலர் காமாவை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்று நினைக்கிறார்கள். காமாவை மாற்றினால் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் உள்ளவைதான் நகரும். சிக்னல் பாதி அளவில் இருக்கிறது என்று வையுங்கள். காமா 2.4 என்றால் திரை தன் முழு வெள்ளையில் 19 சதவீதம் வெளிச்சம் தரும். 2.2-இல் அது 22 சதவீதம், 1.9-இல் 27 சதவீதம். எண் ஏற ஏறப் படம் கருக்கும், எண் இறங்க இறங்க வெளுக்கும். அடர் நிழலில் இந்த வித்தியாசம் பல மடங்கு பெரிது.

ராசிபுரத்தில் என் சித்தப்பா வீட்டு ஹாலில் நடந்ததைச் சொல்கிறேன். டிவிக்கு எதிர்ச்சுவரில் பெரிய ஜன்னல். சித்திரை மாதத்து மத்தியானத்தில் 'மந்திரி குமாரி' ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்கண்ணு, படம் பூரா இருட்டாக் கெடக்குதே, டிவி போயிருச்சா?" என்றார் சித்தப்பா. டிவி நன்றாகத்தான் இருந்தது. யாரோ சினிமா மோடில் போட்டிருந்தார்கள். அதில் காமா 2.4. செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலியைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் சுமார் 200 லக்ஸ் காட்டியது. போன் அளவு துல்லியமல்ல, ஆனால் இந்தக் கணக்குக்குப் போதும்.

அந்த டிவி முழு வெள்ளைக்கு 200 நிட் வெளிச்சம் தருகிறது என்று வைப்போம். கறுப்பு அங்கியின் மடிப்பு போன்ற நிழல் விவரம் 5 சதவீதச் சிக்னலில் இருக்கும். காமா 2.4-இல் அதற்குக் கிடைப்பது 0.15 நிட் மட்டுமே. திரையோ தன்மேல் விழும் அறை வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. 2 சதவீதம் சிதறினாலே 200 லக்ஸுக்கு 1.3 நிட் ஆகிறது. டிவி காட்டும் கறுப்பே 1.3 நிட் சாம்பலாக மாறிவிட்டது, அதன்மேல் 0.15 நிட்டுக்கு ஒரு மடிப்பு. கண்ணுக்கு எங்கே தெரியும்? காமாவை 1.9-க்கு இறக்கினால் அதே மடிப்பு 0.67 நிட் ஆகி, அந்த 1.3 நிட்டோடு சேர்ந்து பக்கத்துக் கறுப்பைப்போல் ஒன்றரை மடங்கு வெளிச்சமாகிறது. இப்போது தெரியும். ஆனால் நடுச்சாம்பல்களும் கூடவே ஏறிவிடும். கன்னத்தின் நிழல் கரைந்து முகம் சப்பையாகும்.

அதனால் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தோம். செயலி 50 லக்ஸ் காட்டியது. திரையின் பிரதிபலிப்பு 0.3 நிட்டாக இறங்கியது. அந்த வெளிச்சத்தில் 2.2 வைத்தாலே மடிப்பு 0.27 நிட் தருகிறது. பிரதிபலிப்போடு சேர்ந்தால் பக்கத்துக் கறுப்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜன்னலைத் திறந்துபோட்டு 1.9 வைத்ததைவிட நிழல் நன்றாகத் தெரிந்தது, முகமும் கெடவில்லை. பகல் அறைக்கு நான் சொல்லும் வரிசை இதனால்தான்: முதலில் திரையின்மேல் விழும் வெளிச்சத்தை மறையுங்கள், அடுத்து பேக்லைட்டைக் கூட்டுங்கள், அதன்பிறகு காமாவை 2.2-இல் வையுங்கள். வெளிச்சத்தை மறைக்கவே வழியில்லாத ஹாலில் மட்டும் 2.0 அல்லது 1.9.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு 2.4. அப்போது பேக்லைட்டையும் நன்றாகக் குறைக்க வேண்டும். ஸ்டுடியோவில் பரிந்துரைக்கும் சூழலே 10 லக்ஸ் அறை வெளிச்சமும் 100 நிட் வெள்ளையும்தான். டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சிறு விளக்கு எரிந்தால் கண்ணுக்கு இதம், படத்துக்கும் கேடில்லை. எதிரில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் அதை இருட்டறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், 2.2-இலேயே இருங்கள்.

மெனுவில் 2.4, BT.1886 இரண்டும் தனித்தனியாக இருந்தால் குழப்பம் வரும். ஓஎல்இடியில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்சிடியில் கறுப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், BT.1886 அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அடர் நிழல்களைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். எல்சிடி வைத்திருப்பவர்கள் இரவுக்கு அதையே தேர்ந்தெடுக்கலாம். சில டிவிகளில் எண்ணே இருக்காது, கூட்டல் 3 முதல் கழித்தல் 3 வரை படிகள் மட்டும் இருக்கும். எந்தப் பக்கம் நகர்த்தினால் கருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். நகர்த்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

காமாவைத் தொடும் முன் இரண்டு வேலைகள் உண்டு. பிரைட்னஸ் என்ற பெயரில் கறுப்பின் மட்டம் இருக்கிறதே, அதை இரவில் சரிசெய்ய வேண்டும்; படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் கறுப்பாகவே இருக்கும்வரை ஏற்றி, சாம்பல் தட்டத் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்கி நிறுத்துங்கள். அறை வெளிச்சத்துக்கேற்பத் தானே மாறும் வசதியையும், டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணைத்துவிடுங்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் அறைக்கும் காட்சிக்கும் ஏற்ப வெளிச்சத்தையும் காமாவையும் அவையே மாற்றும், நீங்கள் வைத்த எண்ணுக்குப் பொருளே இருக்காது.

வைத்த எண் உண்மையிலேயே திரையில் வருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். டிவியின் பிக்சல் அளவுக்குச் சரியாக ஒரு படம் தயாரியுங்கள். அதில் ஒரு பாதி ஒற்றை பிக்சல் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு, ஒரு வெள்ளைக் கோடு என்று படுக்கையாக மாறிமாறிப் போகட்டும். மறுபாதி 186 என்ற ஒரே சாம்பல் (0 கறுப்பு, 255 வெள்ளை). ஷார்ப்னஸ், ஓவர்ஸ்கேன் இரண்டையும் அணைத்து, கோடுகள் கண்ணுக்குக் கலந்துவிடும் தூரத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கோட்டுப் பாதியின் சராசரி வெளிச்சம் வெள்ளையில் சரிபாதி. இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரிந்தால் காமா 2.2. 191 சாம்பலோடு பொருந்தினால் 2.4, 180-ஓடு பொருந்தினால் 2.0.

எச்டிஆர் படங்களில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது, அவற்றின் வளைவு வேறு. பழைய தமிழ்ப் படங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவற்றின் சிக்கல் பிரதியில் இருக்கிறது. தியேட்டருக்கென்று கூடுதல் காமாவோடு கழுவிய பிரிண்டிலிருந்து அப்படியே வீடியோவாக மாற்றியிருந்தால், நிழல்கள் ஏற்கெனவே கறுப்பில் மூழ்கியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இருட்டான காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தி, காமாவை 2.4-இலிருந்து 1.9-க்கு இறக்குங்கள். கூந்தலிலும் அங்கியிலும் புதிதாக ஏதாவது புலப்பட்டால் பிரதி நல்லது, மாற்ற வேண்டியது உங்கள் அறையைத்தான். வெறும் கறுப்புத் திட்டு வெறும் சாம்பல் திட்டாக மாறினாலோ, இணையப் பிரதிகளில் அடிக்கடி காண்பதுபோல் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் கிளம்பினாலோ, அந்த விவரம் பிரதியிலேயே இல்லை. அப்படிப்பட்ட பிரதியைப் பகலிலும் 2.2-க்குக் கீழே இறக்காதீர்கள். கட்டங்கள்தான் பெரிதாகத் தெரியும்.