சண்டையும் ஒரு சரணம்: அம்மாவுக்கு மகன் கட்டும் பாட்டு

பதின்ம வயதுப் பையன் அன்னையர் தினத்துக்காகச் சொந்தமாகக் கட்டும் பாட்டு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. பத்து மாதம் சுமந்தது, பாலூட்டியது, தெய்வம், கோயில். இந்தச் சொற்களில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இவை வளர்ந்துவிட்ட மகனின் சொற்கள். தமிழில் தாயைப் பாடிய புகழ்பெற்ற பாடல்கள் பலவும் தொலைவில் நின்று பாடியவை. பட்டினத்தார் பாடியது தாயின் சிதைக்கு முன்னால் நின்று. 1992இல் வந்த ‘மன்னன்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, யேசுதாஸ் பாடிய பாட்டில் பேசுபவனும் வளர்ந்த மகன்தான். பதினாறு வயதுப் பையனுக்கு அந்தத் தொலைவு கிடையாது. அவன் அதே வீட்டில் இருக்கிறான். நேற்று ராத்திரிதான் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறான். சண்டையை விட்டுவிட்டு அவன் புகழ்ச்சியை மட்டும் பாடினால், கேட்கிற அம்மாவுக்கு அது யாரோ எழுதிக் கொடுத்த பாட்டாகத்தான் படும்.

அன்னையர் தினத்தைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் பெண்மணி அன்னா ஜார்விஸுக்கும் இதே கவலை இருந்தது. 1908 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில், இறந்துபோன தம் தாயின் நினைவாக அவர் ஏற்பாடு செய்த வழிபாடுதான் இந்த நாளின் தொடக்கம். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் மே மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமாக அறிவித்தார். பின்னாளில் கடைகளில் அச்சிட்ட வாழ்த்து அட்டைகள் குவிந்தபோது ஜார்விஸ் அவற்றைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகள் தங்கள் கையால் எழுத வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

மகன் பாட்டில் சண்டை இடம்பெறலாம் என்பதற்குப் பெரிய சான்று 1995இல் அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் தம் தாய் அஃபெனியைப் பற்றிப் பாடிய ‘டியர் மாமா’. பதினேழு வயதில் வீட்டை விட்டு வெளியே போக நேர்ந்ததையும், தாய் போதைக்கு அடிமையாக இருந்ததையும் அவர் அதில் மறைக்கவில்லை. அதே பாட்டில் நன்றியும் நிறைந்திருக்கிறது. கசப்பைச் சொன்ன வாயிலிருந்து வருவதால்தான் அந்த நன்றியை நம்ப முடிகிறது.

இப்படி ஒரு பாட்டு எப்படி உருவாகும் என்பதை ஒரு மாதிரியைக் கொண்டு பார்க்கலாம். பாடுபவன் திருப்பூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வந்த துணியில் பழுது பார்ப்பதும் நூல் பிசிறை வெட்டுவதும் அந்த வேலையில் அடங்கும். ஆர்டர் நெருக்கும்போது ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்க்க வேண்டியிருக்கும். அதாவது பகல் வேலை முடிந்தும் இரவுவரை நீளும் வேலை. பல்லவிக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே இருக்கிறது.

ஒன்ற ஷிப்டு பார்த்து வந்து
தோசை ஊத்தும் அம்மா
சேலை எல்லாம் நூலு ஒட்டித்
தூங்கிப் போகும் அம்மா

இதன் சந்தம் மிக எளியது. முதல் அடிக்கு நான்கு தட்டு. இரண்டாம் அடிக்கு மூன்று தட்டும், மூச்சு வாங்க ஒரு தட்டு அமைதியும். இரண்டடியும் சேர்ந்தால் எட்டுத் தட்டு, ஆதி தாளத்தின் ஒரு சுற்று. ‘தன்ன தன்ன தன்ன தன்ன, தன்ன தன்ன தானா’ என்று முதலில் தத்தகாரமாகப் பாடிப் பார்த்துவிட்டு, பிறகு சொற்களை உட்காரவைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சொல்ல வந்தது நிறைய இருக்கும், தட்டு நான்குதான் இருக்கும். மிச்சச் சொற்களை வேகமாக உருட்டித் திணித்துவிடுவார்கள். கையால் தட்டிக்கொண்டே பாடினால் பிழை உடனே தெரிந்துவிடும்: வாய் முடிப்பதற்குள் கை அடுத்த தட்டுக்குப் போய்விடும். அப்போது ஒரு சொல்லை எடுத்துவிடுவதே சரியான வழி.

மெட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு, அது குரலைப் பொறுத்தது. பன்னிரண்டு வயதுக்கு மேல் பையன்களின் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கிய குரல் நிலைப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நடுவில் எங்கேயாவது குரல் உடையும். ஏழாம் வகுப்பில் ஐந்து கட்டையில் பாடியவன் இப்போது ஒரு கட்டைக்கோ ஒன்றரைக் கட்டைக்கோ வந்திருப்பான். ஆகவே மெட்டு மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. மோகனத்தின் ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களே இந்தப் பாட்டுக்குத் தாராளம். ‘அம்மா’ என்ற சொல்லை உச்ச சுரத்தில் வைக்க ஆசை வரும், சினிமாப் பாட்டில் அப்படிக் கேட்டுப் பழகிய காது அது. ஆனால் குரல் உடையும் இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கீழே, நிதானமாக நிற்கும் சுரத்தில் வைத்தால் அந்தச் சொல் தெளிவாகக் கேட்கும்.

முதல் சரணம் நினைவுகளுக்கு. பல்லவியைப் போலவே அதிலும் கண்ணால் பார்த்தவை மட்டும் இருந்தால் போதும். இரண்டாவது சரணத்தில்தான் சண்டை வருகிறது.

போனை வாங்கிப் பூட்டி வெச்ச
நானும் கத்தினேனே
என்னைக்கும்மா வீட்டிலிருந்த?
கேட்டுப் போட்டேன் நானே
தட்டைத் தள்ளிப் போயிப் படுத்தேன்
நீயும் திங்கலையே
ஸாரி சொல்ல வந்தேன் அம்மா
வாயி தொறக்கலையே

இந்தச் சரணம் நேர்மையாக ஒலிப்பதற்குக் காரணங்கள் உண்டு. இது பொதுவாகச் சண்டைகளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ராத்திரி நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறது. ‘எத்தனையோ தப்பு செய்தேன், எல்லாம் நீ பொறுத்தாய்’ என்று எழுதியிருந்தால் பையன் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. எந்தத் தப்பு என்பது வெளியே வராது. மன்னிப்பையும் அம்மா கொடுப்பதற்கு முன்னால் அவனே எடுத்துக்கொண்டதாகிவிடும். இங்கே அவன் வாயிலிருந்து வந்த கொடுமையான கேள்வி அப்படியே இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரிடம் ‘என்னைக்கு வீட்டில் இருந்தாய்’ என்று கேட்டது எவ்வளவு வலித்திருக்கும் என்று பாட்டு விளக்கவில்லை. அம்மா சாப்பிடாமல் படுத்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறது. அவர் மனதில் என்ன இருந்தது என்று பையனுக்குத் தெரியாது. தட்டு காலியாகாததை அவன் பார்த்தான், பார்த்ததைப் பாடுகிறான்.

‘ஆனால்’ என்ற திருப்பம் இதில் இல்லாததும் முக்கியம். ‘நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று ஓர் அடி சேர்ந்தாலும் பாட்டு பழைய சண்டையின் தொடர்ச்சியாகிவிடும். போனைப் பூட்டி வைத்தது சரியா தப்பா என்ற வழக்கு இன்னும் முடியாமலே இருக்கலாம். அதைப் பாட்டுக்கு வெளியே பேசிக்கொள்ளலாம்.

எல்லாச் சண்டையையும் பாட்டில் வைக்க முடியாது. அம்மா கோபத்தில் சொன்ன சொல், வீட்டுக் கடன், அப்பாவோடு அவருக்குள்ள மனத்தாங்கல் ஆகியவற்றைச் சொல்லும் உரிமை பையனுக்கு இல்லை. அவன் தன் வாயால் சொன்னதையும் தன் கையால் செய்ததையும் மட்டுமே பாட்டுக்குள் கொண்டுவரலாம். மாமா, அத்தை, பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடியிருக்கும்போது பாடுவதானால் இந்த வரம்பு இன்னும் இறுக வேண்டும். சரிபார்க்க எளிய வழி, அன்று வீட்டில் இருந்த தங்கையிடமோ தம்பியிடமோ முன்கூட்டியே பாடிக் காட்டுவது. ‘அப்படி நடக்கலையே’ என்று அவர்கள் சொன்னால் அடியைத் திருத்த வேண்டும். ‘இதை எல்லார் முன்னாலயும் பாடாதே’ என்று சொன்னால் அதையும் கேட்க வேண்டும்.

மெட்டிலும் இந்தச் சரணம் அடங்கி வர வேண்டும். ச, ரி, க என்ற மூன்று சுரங்களுக்குள்ளேயே, கிட்டத்தட்டப் பேசுவதுபோல. சோகத்துக்கென்று தனி ராகத்துக்கு மாறினால் நடிப்பு போல ஆகிவிடும். சரணம் முடிந்ததும் ஒரு தாளச் சுற்று, அதாவது எட்டுத் தட்டு, இடைவெளி விடலாம். உடனே பல்லவிக்குத் திரும்பினால் அந்தக் கலகலப்பு இப்போது சொன்னதை அழித்துவிடும். அதனால் நேராக மூன்றாம் சரணத்துக்குப் போவதே பொருத்தம். சண்டைக்கு இரண்டாமிடம் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. முதலில் வந்தால் பாட்டு முழுவதும் மன்னிப்புக் கடிதமாகிவிடும், கடைசியில் வந்தால் மனத்தாங்கலோடு முடிந்துவிடும்.

மூன்றாம் சரணத்தில் ‘இனி சண்டையே போட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பது பெரிய ஆபத்து. பதினாறு வயதில் அந்த வாக்கு ஒரு வாரம் தாங்காது என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு நாளில் செய்ய முடிந்ததைச் சொல்வதே நம்பகமானது. திருப்பூரில் பல கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை; அன்னையர் தினமும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. ஆகவே சரணத்தை இப்படித் தொடங்கலாம்:

இன்னைக்கொருநாள் உட்காரம்மா
நாஞ்சுடுவேன் தோசை
உப்புக் கரிச்சாத் திட்டிக்கோம்மா
வேணுமுன்ற ஓசை

‘ஓசை’ என்பது இங்கே தோசைக்கு எதுகை போல வந்து மாட்டிய சொல். ‘குரல்’ என்று இருப்பதே முறை. சண்டைச் சரணத்தில் ‘நானும்’ என்று ஒருமுறை வந்த பிறகு ‘நானே’ என்று வந்ததும் இடம் நிரப்பத்தான். தேர்ந்த பாடலாசிரியர் இரண்டையும் மாற்றிவிடுவார். இந்தப் பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். தாளத்தை உடைக்கும் பிழையும் உண்மையை மறைக்கும் பிழையும் திருத்தப்பட வேண்டியவை. சொல் கொஞ்சம் கோணலாக விழுந்தது அப்படிப்பட்ட பிழை இல்லை. பெரியவர் யாராவது அதைத் திருத்திச் செம்மையாக்கிக் கொடுத்தால், அம்மா அதில் மகனைக் கேட்க மாட்டார், திருத்தியவரைத்தான் கேட்பார்.

நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் பாடினால் எட்டுத் தட்டுச் சுற்று ஒன்றுக்கு 6 நொடி ஆகும். பல்லவிக்கு இரண்டு சுற்று, ஒவ்வொரு சரணத்துக்கும் நான்கு. தொடக்கத்தில் பல்லவியை இருமுறையும், முதல் சரணத்துக்குப் பின்னும் முடிவிலும் ஒவ்வொரு முறையும் பாடினால், நடுவிலுள்ள இடைவெளியோடு சேர்த்துப் பாட்டு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதற்குமேல் நீட்டத் தேவையில்லை. தூங்கி எழுந்ததும் குரல் கனத்துக் கட்டியிருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் பேசிப் பழகியபின் பாடுவது நல்லது. சண்டைச் சரணத்தில் குரல் தழுதழுத்துப் பாட முடியாமல் போனால், தட்டை நிறுத்தாமல் அந்த அடிகளை வெறும் பேச்சாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் சரணத்தில் மறுபடி சுருதியைப் பிடித்துக்கொள்ளலாம்.