பத்துக்கும் பதினாறுக்கும் நடுவே ஒரு ஆறு

கணக்குக் கருவிகள் பலவற்றில் 38 என்ற எண் முழுதாக இரும எண்ணாக மாற்றப்படுவதில்லை. 3 தனியாக 0011 என்றும், 8 தனியாக 1000 என்றும் நான்கு நான்கு பிட்டுகளில் எழுதப்படுகின்றன. இந்த முறைக்குப் பிசிடி என்று பெயர். ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக இருப்பதால் திரையில் காட்டுவது எளிது. சிக்கல் வருவது கூட்டும்போதுதான்.

நான்கு பிட்டுகளில் 0 முதல் 15 வரை எழுதலாம். பிசிடிக்குத் தேவை 0 முதல் 9 வரை மட்டுமே. மீதி ஆறும் எந்த இலக்கத்தையும் குறிக்காது. ஆனால் கூட்டும் சுற்றுக்கு இது தெரியாது. நாம் 10 வந்ததும் அடுத்த இடத்துக்கு 1 கொண்டு செல்கிறோம். அதுவோ 16 வந்தால்தான் கொண்டு செல்லும். இந்த ஆறின் இடைவெளியை நிரப்புவதுதான் தசமத் திருத்தம்.

38 உடன் 45ஐக் கூட்டுவோம். ஒன்றுகள் இடத்தில் 1000 + 0101 = 1101, அதாவது 13. அப்படி ஓர் இலக்கம் கிடையாது. அதனுடன் ஆறைக் கூட்டினால் 1 0011 கிடைக்கும். 3 அங்கேயே நிற்க, 1 பத்துகள் இடத்துக்குப் போகிறது. அங்கே 3 + 4 + 1 = 8. விடை 83.

இந்தத் தவறு பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. 29 + 18 அப்படியல்ல. 1001 + 1000 = 1 0001. பத்துகள் இடத்துக்கு 1 போய்விட்டது, இங்கே 1 மிச்சம். விடை 41. இரண்டுமே முறையான இலக்கங்கள், ஆனால் வரவேண்டியது 47. வெளியே போன அந்த 1, பத்தாகப் போயிருக்க வேண்டும், பதினாறாகப் போய்விட்டது. அதனால் குறைந்த ஆறைத் திருப்பிச் சேர்த்தால் 47 சரியாக வரும்.

விடையை மட்டும் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. கீழ் நான்கு பிட்டிலிருந்து 1 வெளியே போனதா என்பது நினைவில் இருக்க வேண்டும். 8085 மைக்ரோபிராசஸரில் அதைக் குறித்து வைப்பது ஆக்ஸிலரி கேரி என்ற கொடி. திருத்தத்தைச் செய்வது `DAA` கட்டளை:

```
MVI A, 29H
ADI 18H
DAA
```

கீழ் நான்கு பிட் 9ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிலரி கேரி 1 ஆக இருந்தாலோ `DAA` 06ஐக் கூட்டும். பிறகு மேல் நான்கு பிட்டுக்கும் இதே சோதனை. அங்கே பார்ப்பது கேரி கொடியை, கூட்டுவது 60ஐ (பதினாறடிமான எண்ணாக).

`DAA` இந்தக் கொடிகளை நம்பியே வேலை செய்வதால், கூட்டல் முடிந்த கையோடு அதை எழுத வேண்டும். இடையில் கொடிகளை மாற்றும் வேறு கட்டளை புகுந்தால் விடை கெடும். 8085இல் கழித்தலுக்கு இது உதவாது. 52இலிருந்து 18ஐக் கழிக்க, முதலில் 100க்கு 18 எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்த 82ஐ 52உடன் கூட்டித் திருத்த வேண்டும். கிடைப்பது 134, முன்னால் வரும் 1 கேரியில் போய்விட, 34 மிஞ்சும்.