பிரவுசர் வழிமறித்தால் தாண்டிப் போகலாமா?

2018 ஏப்ரல் 24 அன்று, மைஈதர்வாலட் என்ற தளத்தின் வழியாகத் தங்கள் கிரிப்டோ பணத்தைக் கையாண்டு வந்த சிலர் வழக்கம்போல அந்தத் தளத்தைத் திறந்தார்கள். முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனால் பக்கம் வருவதற்கு முன் பிரவுசர் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. தினமும் வரும் தளம்தானே என்று அதைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு, பார்த்துப் பழகிய அதே பக்கம் திறந்தது. நுழைவு விவரங்களைக் கொடுத்த சற்று நேரத்தில் அவர்கள் பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டது. இப்படிப் பறிபோனது சுமார் ஒன்றரை லட்சம் டாலர்.

நாம் தட்டும் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக மாற்றிச் சொல்வது டிஎன்எஸ் என்ற சேவை. இந்தத் தளத்துக்கு அந்த வேலையைச் செய்துவந்தவை அமேசானின் டிஎன்எஸ் சர்வர்கள். அவற்றுக்குப் போகும் இணையப் பாதையைத் திருடர்கள் சுமார் இரண்டு மணி நேரம் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, கேட்டவர்களுக்குத் தங்கள் போலி சர்வரின் எண்ணைப் பதிலாகக் கொடுத்தார்கள். பெயரும் பக்கமும் அச்சு அசலாக இருந்தன. அந்தப் பெயருக்கு முறையாக வழங்கப்பட்ட சான்றிதழ் மட்டும் அவர்கள் கையில் இல்லை. தாங்களே கையொப்பமிட்ட ஒன்றை வைத்தார்கள். பிரவுசர் அதைக் கண்டுகொண்டது.

https என்று தொடங்கும் எந்தத் தளத்துக்குப் போனாலும், அதன் சர்வர் முதலில் தன் சான்றிதழை நீட்டும். பிரவுசர் அதில் முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. முகவரிப் பட்டையில் உள்ள பெயர் சான்றிதழிலும் இருக்கிறதா? அது இன்றைய தேதிக்குச் செல்லுமா? கையொப்பமிட்ட நிறுவனம் நம் கருவியில் உள்ள நம்பகப் பட்டியலில் வருகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் குரோமில் “Your connection is not private” என்ற பக்கம் வரும்.

சான்றிதழில் கோளாறு இருந்தாலும் தகவல் பூட்டப்பட்டேதான் போகிறது. ஆனால் மறுமுனையில் யார் என்பதற்கு உறுதி இல்லை. மைஈதர்வாலட் விஷயத்திலும் நுழைவு விவரங்கள் பத்திரமாகப் பூட்டப்பட்டு, நேராகத் திருடனிடமே போய்ச் சேர்ந்தன.

லிங்க்கை அழுத்தியதும் இந்தப் பக்கம் வந்தால், கீழே சிறிய எழுத்தில் உள்ள குறியீட்டைப் படியுங்கள். மூன்றில் எது தவறியது என்பதை அது சொல்லிவிடும்.

NET::ERR_CERT_DATE_INVALID என்றிருந்தால் சிக்கல் தேதியில். முதலில் உங்கள் கருவியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது ஒரு தளம் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லாத் தளங்களுமே மறிக்கப்படும். தேதியைச் சரிசெய்தாலே தீர்ந்தது. உங்கள் தேதி சரியாக இருந்தால், தளத்தின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு வழக்கமாக 90 நாளுக்குத்தான் கொடுக்கிறது. அதைப் புதுப்பிக்கும் தானியங்கி ஏற்பாடு நின்றுபோனால், நல்ல தளம்கூட ஒரு காலையில் இப்படி ஆகிவிடும். பெரும்பாலும் இது நிர்வாகியின் கவனக்குறைவு. ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

NET::ERR_CERT_COMMON_NAME_INVALID என்றால் பெயர் பொருந்தவில்லை. சான்றிதழ் www.example.com என்ற பெயருக்கு மட்டும் வாங்கப்பட்டிருக்க, லிங்க்கில் www இல்லாமல் example.com என்று இருந்தால் இது வரலாம். எச்சரிக்கைப் பக்கத்தில் “Advanced” என்பதை அழுத்தினால், சான்றிதழ் எந்தப் பெயருக்கு உரியது என்று பிரவுசரே சொல்லும். அதே தளத்தின் இன்னொரு வடிவம் என்றால், அந்த முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். எச்சரிக்கை வராது, எதையும் தாண்டவும் வேண்டாம். சம்பந்தமே இல்லாத பெயர் என்றால் மூடிவிடுங்கள்.

NET::ERR_CERT_AUTHORITY_INVALID என்பதைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். கையொப்பமிட்டவரை பிரவுசருக்குத் தெரியவில்லை என்று பொருள். மைஈதர்வாலட் திருடர்கள் வைத்த சான்றிதழ் இந்த வகைதான். இதற்கும் அப்பாவிக் காரணங்கள் உண்டு. வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை 192.168.1.1 என்று தட்டித் திறந்தால் இது வரலாம். ரூட்டர் தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ் அது. உங்கள் வீட்டு வைஃபையில் இருந்தபடி, நீங்களே தட்டிய முகவரி என்றால் தொடரலாம். மிகப் பழைய கருவிகளிலும் இது நேரும். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய ஐபோன்களிலும் மேக் கணினிகளிலும் பல நல்ல தளங்கள் மறிக்கப்பட்டன. ஆனால் பொதுத் தளம் ஒன்றில், புதிய போனில், அதுவும் பேருந்து நிலையம் அல்லது விடுதியின் வைஃபையில் இது வந்தால் தாண்டக் கூடாது. அந்த வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால், அந்த வைஃபை நடுவில் குறுக்கிடுகிறது. வைஃபைக்கான நுழைவுப் பக்கம் முடிக்கப்படாததால்கூட அப்படி ஆகலாம். யாரோ வேண்டுமென்றே செய்வதாகவும் இருக்கலாம். டேட்டாவிலும் எச்சரிக்கை தொடர்ந்தால் கோளாறு பெரும்பாலும் தளத்தின் பக்கம்.

சில தளங்களில் தொடர்வதற்கான வழியையே பிரவுசர் காட்டாது. முறையான சான்றிதழ் இல்லாமல் என் பெயரில் யாரையும் உள்ளே விடாதே என்று அந்தத் தளமே பிரவுசருக்கு முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறது. அங்கே குறுக்குவழி தேட வேண்டாம்.

எச்சரிக்கை வரவில்லை என்பதாலேயே தளம் யோக்கியமானது என்று ஆகிவிடாது. வங்கியின் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு முகவரியை வாங்கி, அதற்கு முறையான சான்றிதழும் பெற்று ஏமாற்றுபவர்கள் உண்டு. முகவரியில் உள்ள பெயர் அதன் உரிமையாளரிடம் இருக்கிறது என்பதற்குத்தான் சான்றிதழ் சாட்சி. அவர் நல்லவரா என்பதற்கு இல்லை.

ஆகவே “Proceed” என்பதை அழுத்தும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எச்சரிக்கை ஏன் வந்தது என்று எனக்குத் தெரியுமா? உள்ளே போய் நான் எதையாவது கொடுக்கப் போகிறேனா? காரணம் தெரிகிறது, வெறுமனே படிக்கத்தான் போகிறேன் என்றால், காலாவதியான ஒரு பக்கத்தைப் பார்ப்பதில் ஆபத்து குறைவு. அங்கேயும் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். ஏற்கெனவே உள்நுழைந்து வைத்திருக்கும் தளம் என்றால் படிக்க மட்டும்கூடத் தாண்டாதீர்கள். உங்கள் கணக்கின் அடையாளத்தை பிரவுசர் தானாகவே மறுமுனைக்கு அனுப்பிவிடக்கூடும். கடவுச்சொல், ஓடிபி, கார்டு எண், ஆதார் எண் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்கும் பக்கம் என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அவசர வேலையாக இருந்தால் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். எச்சரிக்கையோடு வந்த லிங்க்கில் உள்ள எண்ணில் அல்ல, பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணில்.