டாலரில் விலை சொல்லும் முன்

திருப்பூரில் பத்திருபது பவர் டேபிள் வைத்து நடத்தும் ஒரு சிறு கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து 5,000 பருத்தி டீ-ஷர்ட்டுக்கு விசாரணை வருவதாக வைத்துக்கொள்வோம். பையருக்கு மறுநாளே விலை தெரிய வேண்டும். துணி, தையல் கணக்கு முதலாளிக்கு மனப்பாடம். கை கடிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் வரிகளில்தான்.

இங்கே சொல்லும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்ள எடுத்தவை. சந்தையில் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சட்டைக்குச் சேதாரத்தோடு 200 கிராம் துணி. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் எல்லாம் சேர்ந்து கிலோ 420 ரூபாய் என்றால் 84 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங்குக்கு 38. லேபிள், நூலுக்கு 8. கழிவாகும் பீஸ்களுக்கும் வாடகை, மின்சாரத்துக்கும் 15. ஆக 145. பாலிபேக், டேக், அட்டைப்பெட்டிக்கு 8, தூத்துக்குடி வரை லாரி, துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜென்ட் கூலி 6, பணம் வரும்வரை வங்கி வட்டி 4 சேர்த்தால் 163 ரூபாய்.

விற்பனை விலையில் பத்து சதவீதம் லாபம் வேண்டுமென்றால் 163-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 181 ரூபாய் வரும். 163-க்கு மேல் பத்து சதவீதம் போட்டால் 179-தான். டாலருக்கு 88 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 2.06 டாலர். கப்பலில் ஏற்றிக்கொடுப்பதோடு விற்பவரின் செலவு முடியும் இந்த விலைக்கு எஃப்.ஓ.பி. என்று பெயர். மொத்த லாபம் சுமார் 91,000 ரூபாய்.

பெட்டிக்கு வருவோம். 60, 40, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் 50 சட்டை வைத்தால் எடை எட்டரை கிலோ இருக்கும். விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்த எட்டரைக்குக் காசு வாங்க மாட்டார்கள். மூன்று அளவையும் பெருக்கி 6,000-ஆல் வகுத்துக் கிடைக்கும் 12 கிலோவுக்குத்தான் கட்டணம். சாயப்பட்டறையில் துணி தாமதமாகி, ஷிப்மென்ட் தேதி தவறி, நூறு பெட்டியும் விமானத்தில் போகும் நிலை வந்தால் 1,200 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் என்றாலே மூன்று லட்சம். மொத்த லாபத்தைப்போல் மூன்று மடங்கு! மடிப்பை இறுக்கி, பெட்டியின் உயரத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்திருந்தால் பெட்டிக்கு 10 கிலோதான், ஐம்பதாயிரம் மிச்சம். கப்பலிலும், கன்டெய்னரில் மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது, இவ்வளவு லேசான சரக்குக்குக் கன அளவை வைத்தே கட்டணம். அதனால் பெட்டி அளவை முடிவு செய்துவிட்டு விலை சொல்வதே சரி.

அடுத்து பையர், "வரியெல்லாம் கட்டி எங்கள் கிடங்கு வாசல் வரை கொண்டுவந்து தரும் விலை சொல்லுங்கள்" என்பார். இது டி.டி.பி. கப்பல் வாடகையும் இன்சூரன்சும் சட்டைக்கு 11 சென்ட் என்றால் விலை 2.17 டாலர். ஐரோப்பிய ஒன்றியத்தில் பின்னலாடை டீ-ஷர்ட்டுக்குச் சலுகை ஏதுமில்லாத பொதுச் சுங்கவரி 12 சதவீதம். அது 2.06-க்கு அல்ல, வாடகை சேர்ந்த 2.17-க்குக் கணக்காகும், 26 சென்ட். இதுவரை பலர் சரியாகவே போடுகிறார்கள்.

பெரிய பள்ளம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வரியும் சேர்ந்த 2.43 டாலர் மீது ஜெர்மனி இறக்குமதியின்போது 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி வாங்கும். சட்டைக்கு 46 சென்ட், மொத்தம் 2,300 டாலர். அங்கே பதிவு பெற்ற பையர் கட்டினால் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். பதிவு இல்லாத திருப்பூர்க்காரர் கட்டினால் அதைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அவருடைய மொத்த லாபமோ 1,040 டாலர்தான். டி.டி.பி. விலை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மதிப்புக்கூட்டு வரி பையருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அங்கே துறைமுகத்திலிருந்து கிடங்கு வரையிலான லாரி வாடகையையும் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். சிறு கம்பெனிக்கு எஃப்.ஓ.பி.-யில் நிற்பதே பாதுகாப்பு.

கடைசியாக டாலர். ஆர்டர் கையெழுத்தாகிப் பணம் வர மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அதற்குள் 88 என்பது 86 ஆனால் சட்டைக்கு 4 ரூபாய், மொத்தம் 20,600 ரூபாய் போய்விடும். டாலர் இறங்கியது இரண்டேகால் சதவீதம்; லாபத்தில் போனது நாலில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. வங்கியில் ஃபார்வர்டு போட்டு, வரவேண்டிய 10,300 டாலரின் விலையை முன்கூட்டியே பூட்டிவிடலாம். ஆனால் சொன்ன தேதியில் டாலர் வராவிட்டால், அதைத் தள்ளிப்போடவோ ரத்து செய்யவோ கட்டணமும் விலை வித்தியாசமும் கட்ட நேரிடும். ஆகவே பூட்டும் தேதியை ஷிப்மென்ட் தேதிக்கு அல்ல, பையர் உண்மையில் பணம் அனுப்பும் தேதிக்குப் பொருத்த வேண்டும். முதல் ஆர்டர் தரும் பையரானால், பாதித் தொகைக்கு மட்டும் ஃபார்வர்டு போடுகிறவர்களும் உண்டு.