அல்லேலூயாவுக்குத் தாங்கும் தொண்டை

டிசம்பர் நெருங்கிவிட்டால் தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் பலவற்றில் ஹேண்டலின் ‘அல்லேலூயா’ கோரஸ் ஒத்திகை தொடங்கிவிடும். 1741-இல் அவர் இயற்றிய ‘மெசையா’வின் ஒரு பகுதி அது. பாடலின் பிற்பாதியில் ஓர் இடம் வரும். சோப்ரானோ பாடும் பெண்கள் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்பார்கள். மற்றக் குரல்கள் கீழே அல்லேலூயா பாடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை இன்னும் மேலே, பிறகு அதற்கும் மேலே என்று ஏறி, கடைசியில் மேல் ‘ஜி’யில் போய் நிற்கும். அந்தச் சுரத்தில் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 784 தடவை அதிர்கின்றன. சாதாரணமாகப் பேசும்போது பெண்களுக்கு இது 200-ஐ ஒட்டியே இருக்கும்.

கச்சேரி செய்பவர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையைச் சுருதியாக வைத்துக்கொள்ளலாம். குழுவில் பாடுகிறவருக்கு அந்த உரிமை இல்லை. தாளில் எழுதிய சுரத்தைத்தான் பாடியாக வேண்டும். போதாததற்கு, இத்தனை பேர் நடுவே தன் குரல் தனக்கே கேட்காது. கேட்காதபோது எவரும் தம்மை அறியாமலே சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் 1911-இல் விளக்கிய இயல்பு இது. தோளோடு தோள் ஒட்டி நிற்காமல் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றால் சத்தத்தைக் கூட்டும் தேவை குறையும்.

அந்த மேல் ‘ஜி’யில் வரும் சொல் ‘கிங்’. சிக்கல் அங்கேதான். ‘இ’ ஒலிக்கு வாய் ஒடுங்குகிறது. ஒடுங்கிய வாய் அவ்வளவு உயரமான சுரத்துக்கு முழக்கம் கொடுக்காது. முழக்கம் கிடைக்காதவர் தொண்டையை இறுக்கி அதை ஈடுகட்டப் பார்ப்பார். மோவாய் மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். மோவாய்க்கு அடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் அந்தச் சதை கல்லாக இறுகியிருப்பது தெரியும். மாற்று எளிது: ஏறஏறத் தாடையை இறக்கி, ‘இ’யை ‘ஏ’ பக்கம், இன்னும் மேலே போனால் ‘ஆ’ பக்கம் சாய விட வேண்டும். ‘க’வும் ‘ங்’கும் சரியாக விழுந்தால் கேட்பவர் காதில் ‘கிங்’ என்றே விழும்.

ஆனால் வந்து உட்கார்ந்ததும் எடுத்த எடுப்பில் அந்த இடத்தைப் பாடவே கூடாது. முதலில் பத்து நிமிடமாவது குரலைப் பதப்படுத்த வேண்டும். இதற்கு ஒரு ஸ்ட்ராவும் அரை டம்ளர் தண்ணீரும் போதும். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீருக்குள் ஒரு விரற்கடை இறக்கி, ‘ஊ’ என்று மெல்ல ஒலியெழுப்பிக் குமிழ் விடுங்கள். குமிழ் சீராக வரும்போது குரலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். ஸ்ட்ராவின் குறுகிய வழி வாய்க்குள் எதிரழுத்தம் உண்டாக்குவதால் நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமலே அதிர்கின்றன. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸ் பரவலாக்கிய பயிற்சி இது. அதன்பின் ஐந்து சுரம் ஏறி இறங்கி, அரைச் சுரமாக உயர்த்திக்கொண்டே போகலாம். ஒத்திகையில் அந்த உச்சப் பகுதியை முதலில் ஒரு ஸ்தாயி கீழே பாடிச் சொல்லையும் தாளத்தையும் பழகிவிட்டு, முழு உயரத்தில் மூன்று நான்கு தடவையோடு நிறுத்துவது நல்லது.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாயில் இறங்குகிறது. தப்பித்தவறி நாண்கள் பக்கம் போனால் புரையேறிவிடும். உடம்பில் ஊறி, இரத்தத்தின் வழியாகத்தான் நாண்களை மூடிய சவ்வுக்கு ஈரம் போய்ச் சேரும். ஆகவே மேடையேறும் நேரத்தில் பாட்டிலைக் காலி செய்து பயனில்லை. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். நேராக நாண்களைத் தொடுவது ஆவிதான். வெறும் வெந்நீர் ஆவி போதும், தைலம் போட வேண்டாம். இரவு கேரல் ரவுண்ட்ஸில் பனிக்காற்றில் பாடிவிட்டு வந்தவர்களுக்கு ஐந்து நிமிட ஆவி மிகவும் இதமாக இருக்கும். தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு செருமலிலும் நாண்கள் ஒன்றோடொன்று அறைகின்றன.

நாண்கள் வீங்கியிருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ராபர்ட் பாஸ்டியன் சொல்லிக்கொடுத்த சோதனை அது. ‘ஹேப்பி பர்த்டே’யின் முதல் அடியை உயரமான சுருதியில், தூங்கும் குழந்தை விழிக்காத அளவுக்கு மென்மையாகப் பாடிப் பாருங்கள். சத்தமாகப் பாடினால் வீக்கம் மறைந்துகொள்ளும். மென்மையில் மறைக்க முடியாது. நேற்று சுலபமாக வந்த சுரம் இன்று வெறும் காற்றாகத் தொடங்கித் தாமதமாக ஒலித்தால், நாண்கள் வீங்கியிருக்கக்கூடும். அன்று உச்சப் பகுதியில் வாயசைத்து மட்டும் நில்லுங்கள். குழு நடத்துபவர்களும் அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்ட வேண்டாம். பாடும்போதே குரல் திடீரென அறுந்துபோனால் நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே வாயை மூடி, காலம் தாழ்த்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.