‘இதே மாதிரி இன்னொண்ணு சொல்லுங்க’

“கள்ளிக்காட்டு இதிகாசம் படிச்சேன், ரொம்பப் புடிச்சிருந்தது. அதே மாதிரி இன்னொண்ணு சொல்லுங்க.” ஏன் பிடித்தது என்று கேட்பவர் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை, மனசுக்கு முதலில் வரும் கிராமத்து நாவல் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் அந்தப் புத்தகம் முப்பதாம் பக்கத்தோடு மூடப்பட்டுவிடும். இந்தச் சிக்கலை இந்த ஒரு நாவலை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் புத்தகம். வைரமுத்து பிறந்த மெட்டூர், வைகை அணைக்காக மூழ்கிய ஊர்களில் ஒன்று. குடும்பம் பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அணை திறக்கப்பட்டது 1959இல். அந்த ஊர்களின் கடைசிக் காலத்தைப் பேயத்தேவர் என்ற வயசான சம்சாரியை வைத்துச் சொல்வது இந்த நாவல். ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 2003இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

இதை ஒருவருக்குப் பிடித்துப்போக குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மண்ணை விட்டுப் போகும் வலி. இரண்டு, எத்தனை அடி விழுந்தாலும் எழுந்து உழைக்கும் ஒரு மனுசனின் வைராக்கியம். மூன்று, கிணறு வெட்டுவது, மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பது என்று வேலைகளை ஒவ்வொரு படியாகச் சொல்லும் விவரம். நான்கு, தேனிப் பக்கத்துப் பேச்சும் மலையும் காடும். இந்த நாலுக்கும் ஒரே புத்தகத்தைக் கைகாட்ட முடியாது.

கம்ப்யூட்டர் இதை எப்படிச் சமாளிக்கிறது? அமேசான் பொறியாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறை எளிமையானது. இந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. காரணத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

கணக்குப் புரிவதற்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு கடைக்குப் பத்தாயிரம் வாடிக்கையாளர்கள். கள்ளிக்காட்டு இதிகாசத்தை வாங்கியவர்கள் 500 பேர், அதாவது நூற்றுக்கு ஐந்து. பொன்னியின் செல்வனை வாங்கியவர்கள் 4,000 பேர். சோ. தர்மனின் சூல் வாங்கியவர்கள் 150 பேர். அந்த 500 பேரில் 220 பேரிடம் பொன்னியின் செல்வன் இருக்கிறது, 30 பேரிடம் சூல் இருக்கிறது. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் பொன்னியின் செல்வன்தான் ஜெயிக்கும். ஆனா அதை எல்லாரும் வாங்குறாங்க. 4,000 பேரில் நூற்றுக்கு ஐந்து என்று பார்த்தால், இரண்டு புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் 200 பேரிடம் இரண்டும் இருக்கும். 220 என்பது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. சூலுக்கு அதே கணக்கில் ஏழெட்டுப் பேர்தான் இருக்கணும், ஆனால் 30 பேர் இருக்கிறார்கள், நாலு மடங்கு. ஆக, நெருக்கமான புத்தகம் சூல்.

இது நல்ல கணக்குதான். ஆனாலும் அந்த முப்பது பேர் ஏன் இரண்டையும் வாங்கினார்கள்? மண்ணும் தண்ணியும் பற்றிய கதைகள் என்பதாலா? சூலும் 2019இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக வாங்குபவர்களும், போட்டித் தேர்வுக்குத் தயார் செய்பவர்களும் அந்த முப்பதுக்குள் இருக்கலாம். கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மனுசனுக்கு மனுசன் சொல்லும்போது இதைவிட நன்றாகச் செய்யலாம். மேலே சொன்ன நாலு காரணத்துக்கும் தனித்தனியாக ஒரு படைப்பை யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தை இழக்கும் வலி என்றால் பெருமாள்முருகனின் ஏறுவெயில். வீட்டுமனைக் குடியிருப்புக்காக நிலம் போன ஒரு விவசாயக் குடும்பம் எப்படிச் சிதைகிறது என்று சொல்லும் நாவல். உழைப்பின் வைராக்கியம் என்றால் க.நா.சு. மொழிபெயர்த்த நிலவளம், நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் எழுதியது. தரிசில் தனியாக வந்து நின்று பண்ணையை உண்டாக்குகிற ஒரு மனுசனின் கதை. வேலையின் விவரம் என்றால் சூல், உருளைக்குடிக் கண்மாயையும் அதை நம்பி வாழ்ந்த சனங்களையும் பற்றியது. தேனி மண்தான் இழுத்தது என்றால் புத்தகமே வேண்டாம், லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலை (2018) படத்தைச் சொல்லலாம். ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒருவன் காணி நிலம் வாங்க ஆசைப்படுகிற கதை, அதே மலையடிவாரத்தில் நடக்கிறது.

நாலையும் ஒரே மூச்சில் சொன்னால் அவர் எதையும் எடுக்க மாட்டார். இரண்டு போதும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். இங்கே ஏறுவெயிலையும் நிலவளத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். முதலாவது தமிழ்நாட்டு மண், நிலம் கையை விட்டுப் போகிறது. இரண்டாவது யாருமே பார்த்திராத குளிர்தேசம், நிலம் கைக்கு வருகிறது. நிலவளத்தை ரசித்துப் படித்தார் என்றால் அவரைப் பிடித்தது பேயத்தேவரின் உழைப்பு. அதை வைத்துவிட்டு ஏறுவெயிலை முடித்தார் என்றால், இழப்பு. இரண்டும் ஒட்டவில்லை என்றால் அந்த ஊர்ப் பேச்சும் காடும்தான் காரணமாக இருக்கலாம், படத்துக்குப் போகலாம். கோட்டை விட்ட பரிந்துரையும் இப்படி அடுத்ததைக் காட்டிக்கொடுக்கும்.

பிடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘நல்லாருந்துச்சு’ என்பதில் ஒன்றும் கிடைக்காது, மரியாதைக்கும் அதைத்தான் சொல்வார்கள். எந்த இடத்தைத் தானாக எடுத்துப் பேசுகிறார் என்று கவனிக்கணும். ‘ஏன் பிடிச்சது?’ என்று கேட்டால் பலர் திணறுவார்கள், இல்லாவிட்டால் பின்னட்டையில் போட்டிருப்பதைத் திருப்பிச் சொல்வார்கள். ‘எந்த இடம் ஞாபகத்துல நிக்குது?’ என்று கேட்டால் பதில் உடனே வரும். கிணற்றைச் சொல்கிறவருக்கும் வெள்ளத்தைச் சொல்கிறவருக்கும் வேறு வேறு புத்தகம்.

புத்தகத்தைக் கொடுக்கும்போது காரணத்தை நாம் சொல்லிவிடக் கூடாது என்பதும் முக்கியம். ‘உங்களுக்குச் சோகக்கதை புடிக்கும்ல, அதான்’ என்று தூக்கிக் கொடுத்தால் அவர் அந்தச் சோகத்தைத் தேடியேதான் படிப்பார். வடுகபட்டிப் பக்கம் இதில் இன்னும் ஜாக்கிரதை வேணும். கேட்பவரின் தாத்தாவே மூழ்கிய ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்தவராக இருக்கலாம். மற்றவர்களுக்கு நாவலாக இருப்பது அவருக்கு வீட்டில் பேசாமல் விட்ட சங்கதி. அதை அவர் சொல்லாததற்கும் காரணம் இருக்கும். அதனால் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்: ‘இது காலனிக்காக நிலம் போன ஒரு குடும்பத்தோட கதை. இன்னொண்ணு, தரிசுல பண்ணை உண்டாக்குன ஒருத்தரோட கதை.’ எதை எடுப்பது என்பது அவர் பாடு.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சிலருக்குப் பிடித்தது புத்தகத்துக்குள்ளேயே இருக்காது. வாராவாரம் விகடன் வந்ததும் அம்மா சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டவருக்கு, அந்தக் குரல்தான் பிடித்திருக்கும். அதற்கு நிகரான புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மூன்று பரிந்துரை தவறிய பிறகும் அவர் கள்ளிக்காட்டு இதிகாசத்தையே திரும்பத் திரும்பப் பேசினால், புதுசு தேடுவதை நிறுத்திவிட்டு அவர் பேசுவதைக் கேட்பதே நல்லது.