விடுதலையான ஓட்டுநர், நஷ்ட ஈடு கட்டிய முதலாளி

இருட்டிய பிறகு ஒரு தனியார் பேருந்து போய்க்கொண்டிருக்கிறது. சாலைக்குக் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பி தாழத் தொங்குகிறது. பயணிகள் அதைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போடுகிறார்கள். பேருந்து நிற்கவில்லை, கம்பியில் உரசியது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள்.

ஓட்டுநர் மீது குற்ற வழக்கு நடந்தது. நடந்தது தெய்வச் செயல் என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. ஓட்டுநரின் அஜாக்கிரதைதான் காரணம், பணம் கொடுங்கள் என்றது தீர்ப்பாயம். சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பேருந்து நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டுநரே விடுதலையாகிவிட்டபோது நாங்கள் எதற்குப் பணம் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார். தெய்வச் செயல் என்ற காரணத்தைக் குறிப்பிட்ட இடத்தில் அவர் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டார்.

அந்த நிறுவனத்தின் கேள்வி பலருக்கும் எழக்கூடியதுதான். ஒரே பேருந்து, ஒரே கம்பி, ஒரே இரவு. தீர்ப்பு மட்டும் எப்படி இரண்டு?

நிரூபிக்கும் பொறுப்பு என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. யார் நிரூபிக்க வேண்டும் என்பது ஒன்று. எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதில் பெரிய சிக்கல் இல்லை. குற்ற வழக்கில் அந்தப் பொறுப்பு அரசுத் தரப்புக்கு, அதுவும் கடைசிவரை. குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவு இடம் தருவதில்லை. சிவில் வழக்கில், ஒன்றை உண்மை என்று சொல்லி வந்தவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இரண்டு தரப்பும் சரிசமமாக நின்றால் தோற்பவர் அவர்தான்.

வேறுபாடு கூர்மையாவது இரண்டாவது விஷயத்தில். சிவில் நீதிபதி, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறார். தராசுத் தட்டு ஒரு பக்கம் இலேசாகச் சாய்ந்தாலே போதும். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் கூச்சலைக் கேட்டிருப்பார் என்றே நீதிபதிக்குத் தோன்றலாம். ஆனால் இருட்டில் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கவும் உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்றால், சந்தேகத்தின் பலன் ஓட்டுநருக்குத்தான். அதே வாய்ப்பை அதே அளவுக்கு மதிக்கும் தீர்ப்பாயம், கேட்டிருப்பார் என்பதே பலமாகத் தெரிகிறது என்று சொல்லி நஷ்ட ஈட்டுக்கு உத்தரவிடலாம். இதில் இருவருமே தவறு செய்யவில்லை.

இது சட்டப் புத்தகத்தில் வரி வரியாக எழுதியிருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. 1872இன் சாட்சியச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும், 'நிரூபிக்கப்பட்டது' என்பதற்கு ஒரே விளக்கம்தான் இருக்கிறது: விவேகமுள்ள ஒருவர் அதை நம்பிச் செயல்படும் அளவுக்கு அது நடந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிறைக்கு அனுப்பும்போது அந்த விவேகி இன்னும் எவ்வளவு தயங்குவார் என்பதை நீதிமன்றங்கள்தாம் இங்கிலாந்து வழியில் வகுத்துக்கொண்டன. பண வழக்கில் தவறான தீர்ப்பு வந்தால் ஒருவர் இழந்தது இன்னொருவர் கைக்குப் போகிறது. நிரபராதி சிறைக்குப் போனால் அந்த இழப்பால் யாருக்கும் லாபம் இல்லை. தவறுகள் சமமல்ல என்பதால் அளவுகோலும் சமமல்ல. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இப்படி இரண்டு படிகளைப் பிரித்துச் சொல்வதில்லை. எந்த வழக்கானாலும் நீதிபதியின் மனம் உறுதியாக நம்ப வேண்டும் என்பதே அங்கே விதி. ஆனாலும் சந்தேகம் வந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது அங்கும் உண்டு.

பேருந்து வழக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். நிரூபணத்தின் அளவு மட்டுமல்ல, நிரூபிக்க வேண்டிய விஷயமே வேறு. மரணம் விளைவித்த அஜாக்கிரதைக்குத் தண்டிக்க வேண்டுமானால், அது தண்டனைக்குரிய அளவுக்கு மோசமாக இருக்க வேண்டும். நஷ்ட ஈட்டுக்கு, சாதாரண ஓட்டுநர் காட்டும் கவனம் இல்லாமல் போனது போதும். கிருஷ்ணய்யரின் தீர்ப்பு இதைத்தான் முன்னால் வைத்தது. அங்கொரு சந்தேகம், இங்கொரு தெளிவின்மை என்று காரணம் காட்டி வண்டி முதலாளிகள் தப்பிவிடாமல் தீர்ப்பாயங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

நடைமுறையில் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். கிரிமினல் கேஸ் விடுதலையாகிவிட்டது, இனி பணம் வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறார்கள், கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். விடுதலைத் தீர்ப்பின் நகல் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தீர்ப்பாயம் தன் முன்னால் வந்த சாட்சியத்தை வைத்தே முடிவெடுக்கும். அங்கே மௌனமும் வேறு மாதிரி வேலை செய்கிறது. நடந்ததை நேரில் அறிந்த ஓட்டுநரைக் கூண்டில் ஏற்றாமல் முதலாளி ஒதுக்கிவைத்தால், வந்து சொன்னால் பாதகமாகத்தான் இருந்திருக்கும் என்று தீர்ப்பாயம் ஊகிக்கலாம்.

இந்தக் கோட்டை அழித்துவிடுவது செக் வழக்கு. பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கு இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு, ஆகவே அது குற்ற வழக்கு. ஆனால் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அது கடனுக்காகக் கொடுத்த காசோலை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. ஒரே ஆறுதல், அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. சிவில் வழக்கின் அளவே அவருக்குப் போதும். தனியாகச் சாட்சி கொண்டுவராமல், எதிராளியின் குறுக்கு விசாரணையிலிருந்தே அதைச் சாதிக்கலாம். 6 லட்சம் ரூபாய் கடன் கொடுத்ததாகச் சொன்ன ஒருவரிடம் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது சரியான பதில் இல்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது.

அதே அளவுகோலில் தோற்றவர்களும் உண்டு. 45,000 ரூபாய் காசோலை ஒன்றைப் பற்றிய வழக்கில், அது தொலைந்துபோன காசோலை, புகார் கொடுத்தவர் கையில் சிக்கி அவர் அதைத் தவறாகப் பயன்படுத்தப் பார்க்கிறார் என்றார் ஒருவர். கீழ்க் கோர்ட் விடுவித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் தண்டித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. காசோலை தொலைந்த கதையில் தேதிகள் ஒட்டவில்லை. பணம் கேட்டு வந்த வக்கீல் நோட்டீஸுக்கு அவர் பதிலும் அனுப்பியிருக்கவில்லை. உண்மையிலேயே தொலைத்தவர் அப்போதே அதைச் சொல்லியிருப்பார் அல்லவா என்பதுதான் அவருக்கு எதிராகப் போனது.